வைஃபையா, டேட்டாவா? கேம் பிங் குறைய ரவுட்டரை எங்கே வைக்கணும்?

மாடி_ரூம் | 07-06-2024, இரவு 10:52

கேமுக்கு வைஃபையை விட மொபைல் டேட்டாதான் நல்லதுன்னு நான் சொல்றேன். மறுக்கிறவங்க மறுக்கலாம்.

வீடு மதுரை, திருநகர் பக்கம். கீழே ஹாலில் ரவுட்டர், 100 எம்பிபிஎஸ் ஃபைபர். நான் இருக்கிறது மாடியில் பின் ரூம். வைஃபையில் பிஜிஎம்ஐ ஆடினா பிங் 28, 30ன்னு பச்சையா நிக்கும். திடீர்னு 180, 240ன்னு சிவப்பாகிடும், ரெண்டு மூணு செகண்டில் திரும்பப் பச்சை. அந்த ரெண்டு செகண்டில்தான் சுவரோரம் நின்னவன் என்னைச் சுட்டுட்டுப் போயிருப்பான். டேட்டாவுக்கு மாறினா 55க்கும் 65க்கும் நடுவிலேயே நிக்குது. நம்பர் கூடுதல்தான், ஆனா ஆட்டம் கையில் இருக்கு. வைஃபை சிக்னல் மாடியிலும் மூணு கோடு காட்டுது, அதனால சிக்னல் பிரச்சினை இல்லை.

ஸ்பீட்கிங்77 | 07-06-2024, இரவு 11:10

ப்ரோ 100 எம்பிபிஎஸ் எல்லாம் இப்போ பத்தாது. 300க்கு ஏத்துங்க, டிஎன்எஸ் 1.1.1.1 போடுங்க. நான் ரெண்டையும் ஒரே நாளில் பண்ணேன், பிங் பாதியாச்சு. அப்புறம் வைஃபையில் 5ஜின்னு தனிப் பேர் வரும், அதில்தான் எப்பவும் ஆடணும்.

ஒயர்மேன்_நெல்லை | 08-06-2024, காலை 6:35

நான் ஃபைபர் லைன் இழுக்கிற வேலையில் இருக்கேன். வீடு வீடாப் போய்ப் பாக்கிறதால சொல்லுதேன்.

ஸ்பீட்கிங் தம்பி, அஞ்சு விஷயம் மாத்தியிருப்பீங்க, எது வேலை செஞ்சதுன்னு தெரியாது. பிளான் ஏத்தும்போது புது ரவுட்டரும் வந்துச்சா? பெரும்பாலும் அதுதான் காரணமா இருக்கும். இந்த மாதிரி கேம் ஒரு மணி நேரம் ஆடினாலும் நூறு எம்பி தாண்டாது. சின்னச் சின்னப் பொட்டலமா நிறைய தடவை போய் வருது, அவ்வளவுதான். 100ஐ 300 ஆக்கினா பெரிய ஃபைல் சீக்கிரம் இறங்கும். ஒரு சின்னப் பொட்டலம் போய்த் திரும்புற நேரம் அதனால் குறையாது. டிஎன்எஸ்ங்கிறது கேம் சர்வரோட முகவரியைத் தேடிக் கொடுக்கிறதோட சரி. மேட்ச் ஆரம்பிச்ச பிறகு அதுக்கு அங்கே வேலையே இல்லை.

மாடி ரூம் தம்பி, உங்க போனிலிருந்து சர்வர் வரைக்கும் ரெண்டு பாதை இருக்கு. மாடி ரூமிலிருந்து ஹால் ரவுட்டர் வரை ஒண்ணு, ரவுட்டரிலிருந்து கம்பெனிக்காரன் லைன் வழியா சர்வர் வரை இன்னொண்ணு. கேமில் தெரியிற நம்பர் ரெண்டையும் கூட்டித்தான் காட்டும். எது கெட்டிருக்குன்னு தெரியாம எதையும் வாங்காதீங்க. ஆண்ட்ராய்டில் டெர்மக்ஸ் ஆப் போட்டு, உங்க ரூமில் உக்காந்து ஒரு தடவை, ரவுட்டர் பக்கத்தில் நின்னு ஒரு தடவை இதை ஓட்டுங்க:

```
ping -i 0.2 -c 200 192.168.1.1
```

உங்க ரவுட்டர் முகவரி வேறயா இருக்கலாம். போனில் வைஃபை விவரத்தில் கேட்வேன்னு போட்டிருக்கும். அந்த `-i 0.2`ஐ விட்டுடாதீங்க. ஒரு செகண்டுக்கு ஒண்ணு அனுப்பினா, இடைவெளியில் போன் சார்ஜ் மிச்சம் பிடிக்க வைஃபை ரேடியோவைத் தூங்க வைக்கும், நல்ல லைன்லயே நம்பர் கூடக் காட்டும். கேம் ஆடும்போது அது தூங்காது.

மாடி_ரூம் | 08-06-2024, மதியம் 1:20

ஓட்டிட்டேன் அண்ணா. மாடி ரூமில்:

```
200 packets transmitted, 197 received, 1.5% packet loss
rtt min/avg/max/mdev = 2.812/21.604/231.417/39.722 ms
```

ஹாலில், ரவுட்டர் முன்னாடி:

```
200 packets transmitted, 200 received, 0% packet loss
rtt min/avg/max/mdev = 1.903/4.215/17.340/2.118 ms
```

231ங்கிறது வீட்டுக்குள்ளேயே! இன்டர்நெட்டுக்கு இன்னும் போகவே இல்லை.

ஒயர்மேன்_நெல்லை | 08-06-2024, இரவு 9:05

ஆமா, சர்வரைத் திட்டி ஒண்ணும் ஆகாது. இதில் பார்க்க வேண்டியது கடைசி ரெண்டு நம்பர்தான். உங்க ரூமில் குறைஞ்சது 2.8, அதாவது பாதை நல்லா இருக்கிற நொடியில் ஹாலுக்குச் சமமா ஓடுது. ஆனா ஏற்ற இறக்கத்தைக் காட்டுற mdev 39. அப்படின்னா நிலையே இல்லை. வைஃபையில் ஒரு பொட்டலம் காத்துல கெட்டுப்போனா, ரேடியோ அதை விடாது, திரும்பத் திரும்ப அனுப்பும். அதுக்குள்ள பின்னாடி வந்ததெல்லாம் வரிசையில் நிக்கும். கேமில் உங்களுக்கு அதுதான் 200 மில்லி செகண்டா தெரியுது.

கோடு மூணு இருக்கேன்னு சொன்னீங்க. அந்தக் கோடு ரவுட்டர் கத்துறது போனுக்குக் கேக்குதான்னு மட்டும் சொல்லும். போன் பேசுறது ரவுட்டருக்குக் கேக்குதான்னு சொல்லாது. போனோட ஆன்டெனா சின்னது, பவரும் கம்மி. பக்கத்து வீட்டு ரவுட்டர் அதே சேனலில் பேசிக்கிட்டிருக்கான்னும் அந்தக் கோடு காட்டாது.

ரவுட்டர் ஹாலில் எங்கே இருக்கு? எதுக்குள்ள இருக்கு?

மாடி_ரூம் | 08-06-2024, இரவு 9:31

டிவி ஷோகேஸ்ல, அடித் தட்டில். முன்னாடி செட்டாப் பாக்ஸ். வலப்பக்கம் பீரோ. ஃபைபர் வாசல் பக்கம் ஈபி பாக்ஸ் ஓட்டை வழியா வருது, போட வந்தவர் கிட்டத்தில் இருந்த இடத்தில் வச்சுட்டுப் போய்ட்டார். என் ரூம் அதுக்கு நேர் எதிர் மூலை, மேல் தளம்.

ஹெட்ஷாட்_கோவை | 08-06-2024, இரவு 11:48

எனக்கும் இதே பிரச்சினைதான் ப்ரோ. அரை மணி நேரம் ஆடினதும் பயங்கர லேக். போன் பின்னாடி தோசைக்கல்லு மாதிரி கொதிக்கும். வைஃபை, டேட்டா எதில் ஆடினாலும் அதேதான். புளூடூத் இயர்போனில் சுட்ட சத்தமும் லேட்டா வருது. ரவுட்டரை நானும் மாத்தி வச்சா சரியாகுமா?

ஒயர்மேன்_நெல்லை | 09-06-2024, காலை 6:20

கோவைத் தம்பி, உங்களுது வேற வியாதி. படம் விட்டு விட்டு நகரும்போது மூலையில் பிங் நம்பர் பச்சையாவே இருந்தா, அது போன் சூடாகி வேகத்தைக் குறைச்சுக்கிற வேலை. கிராஃபிக்ஸைக் குறைங்க, சார்ஜ் போட்டுக்கிட்டே ஆடாதீங்க. இயர்போன் சத்தம் தாமதமா வர்றது புளூடூத்துக்கு உள்ள இயல்பான தாமதம், ஒயர் இயர்போன் போட்டா போயிடும். ஒண்ணு மட்டும் இந்த இழைக்குச் சம்பந்தம் உண்டு. புளூடூத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையும் ஒரே அலைவரிசையில்தான் இருக்கு. போனுக்குள்ள ரெண்டும் முறை வச்சுப் பேசும். 2.4ல ஆடுறவங்க இயர்போனைக் கழட்டி வச்சு ஒரு தடவை மேலே சொன்ன பிங்கை ஓட்டிப் பாருங்க.

மாடி ரூம் தம்பி, காசு செலவழிக்கும் முன்னாடி ஷோகேஸ்லேருந்து அதை வெளியே எடுத்து, ஒயர் எட்டுற வரைக்கும் வீட்டு நடுப்பக்கமா, மேலே வைங்க. பீரோ இரும்பு, அதுக்குப் பின்னாடி நிழல் விழும். ஃபைபர் ஒயரை இழுக்காதீங்க, டம்ளர் வாயை விடச் சின்ன வட்டமா வளைக்காதீங்க. பச்சை முனையைக் கழட்டவே வேண்டாம், தூசி ஒட்டினா லைனே போயிடும்.

நங்கநல்லூர்_அம்மா | 09-06-2024, காலை 10:15

நான் கேம் ஆடுறவ இல்லை. என் பையன் ஆடுறான், நான் வீட்டிலிருந்து வேலை. காலையில் 11 மணி மீட்டிங்ல நான் வீடியோ ஆன் பண்ணின உடனே உள் ரூமிலிருந்து கத்துவான். நாங்க இருக்கிறது ஃபிளாட், ரவுட்டருக்கு அவன் ரூமிலிருந்து பத்தடி தூரம் கூட இல்லை. அவன் போனில் நீங்க சொன்ன கட்டளையை ஓட்டினா 5, 6தான் வருது. அப்போ ரவுட்டர் இடம் சரிதானே? எங்கே தப்பு?

ஒயர்மேன்_நெல்லை | 09-06-2024, இரவு 8:50

இடம் சரிதாம்மா. இப்போ அதே போனில் ரவுட்டர் முகவரிக்குப் பதிலா வெளியே இருக்கிற கூகுள் சர்வரோட முகவரி 8.8.8.8 போட்டு ஓட்டச் சொல்லுங்க. நீங்க வீடியோ ஆஃப்ல ஒரு தடவை, ஆன்ல ஒரு தடவை. போனில் போட்டோ பேக்கப் ஓடுதான்னும் பாருங்க, அப்லோடு பக்கத்தை அடைக்கிறது பெரும்பாலும் அதுதான். அப்லோடு நிறைஞ்சா, அனுப்ப முடியாததை ரவுட்டர் ஒரு வரிசையில் நிறுத்தி வைக்கும். தம்பியோட சின்னப் பொட்டலமும் அந்த வரிசைக் கடைசியில்தான் நிக்கணும்.

நங்கநல்லூர்_அம்மா | 11-06-2024, பகல் 12:40

மீட்டிங் இல்லாதப்போ சராசரி 14. மீட்டிங் வீடியோ மட்டும் ஆன் பண்ணினா 19, 20. பெரிய வித்தியாசம் இல்லை. ஆனா என் போன் சார்ஜ்ல இருக்கும்போது போட்டோ பேக்கப் ஆரம்பிச்சா 310 வரைக்கும் போகுது. எங்க பிளான் டவுன்லோடு 60, அப்லோடு அதை விடக் கம்மி. காலையில் மீட்டிங்குக்கு உக்காரும்போதுதான் போனை சார்ஜ்ல போடுவேன், அதனால் மீட்டிங் மேலே பழி விழுந்திருக்கு.

பேக்கப்பை நிறுத்திட்டேன். ராத்திரி தூங்கப் போகும்போது ஆன் பண்ணிக்கிறேன்.

ஸ்பீட்கிங்77 | 11-06-2024, மதியம் 2:05

அக்கா, உங்க ரவுட்டர்ல க்யூஓஎஸ்னு இருக்கும், அதில் பையன் போனை முதலிடத்தில் வச்சுடுங்க. பேக்கப் நிறுத்தவே வேண்டாம்.

ஒயர்மேன்_நெல்லை | 11-06-2024, இரவு 9:12

இருந்தா நல்லது. கம்பெனிக்காரன் கொடுக்கிற பெட்டியில் பெரும்பாலும் அது இருக்காது, இருந்தாலும் பேருக்கு இருக்கும். தனி ரவுட்டர் வச்சிருக்கிறவங்க அப்லோடு அளவை லைனோட உண்மையான வேகத்தில் 85, 90 சதவீதத்துக்குக் கட்டுப்படுத்தினா வரிசையே சேராது. அம்மா செஞ்சதுதான் செலவில்லாத வழி.

யாழ்_தென்னை | 12-06-2024, இரவு 7:44

நான் யாழ்ப்பாணம். வீட்டில ஃபைபர் இல்லை, சிம் போடுற 4ஜி ரவுட்டர்தான். இந்த இழையை வாசிச்சிட்டு ரவுட்டரை மேல் மாடி யன்னலடியில இருந்து எடுத்து, வீட்டுக்கு நடுவில, சாமி அறைக்குப் பக்கத்தில கொண்டுவந்து வச்சனான். என்ர அறையில வைஃபை நல்லா வருது. ஆனா பப்ஜி மொபைல்ல பிங் 90ல இருந்து 160க்கு ஏறிட்டுது. ஒயர்மேன் அண்ணை, இது ஏன் எண்டு விளங்கேல்ல. கொஞ்சம் சொல்லுங்கோ.

ஒயர்மேன்_நெல்லை | 13-06-2024, காலை 6:10

நல்ல கேள்வி. வீட்டு நடுவில் வைக்கணும்ங்கிறது ஃபைபர் ரவுட்டருக்குச் சொன்னது. அதுக்கு இன்டர்நெட் ஒயர்ல வருது, எங்கே வச்சாலும் அந்தப் பக்கம் மாறாது. உங்க பெட்டிக்கு ரெண்டு பக்கமும் காத்துதான். ஒரு பக்கம் டவரைக் கேக்கணும், மறுபக்கம் உங்களுக்குப் பேசணும். நடுவில் கொண்டுவந்ததும் உங்க பக்கம் சரியாச்சு, டவர் பக்கம் ரெண்டு சுவர் கூடிப்போச்சு.

ரவுட்டர் செட்டிங் பக்கத்தைத் திறந்தா, டவர் சிக்னல் பலத்தைக் காட்டுற RSRPன்னு ஒரு நம்பர் இருக்கும், மைனஸ்ல. யன்னல்ல எவ்வளவு, சாமி அறையில எவ்வளவுன்னு எழுதுங்க.

யாழ்_தென்னை | 13-06-2024, இரவு 8:30

யன்னலடியில -94. சாமி அறைப் பக்கம் -112.

ஒயர்மேன்_நெல்லை | 13-06-2024, இரவு 9:20

-90க்கு மேல நல்லது, -110க்குக் கீழே போனா நிறையப் பொட்டலத்தைத் திரும்ப அனுப்ப வேண்டி வரும். யன்னலுக்கே திரும்பக் கொண்டுபோங்க. டவர் எந்தப் பக்கம்னு தெரியலைன்னா வீட்டில் ஒவ்வொரு யன்னலா வச்சு அந்த நம்பரைப் பாருங்க. வைஃபை உங்க அறைக்கு எட்டலைன்னா, அந்தப் பெட்டிலேருந்து லான் கேபிள் போட்டு இன்னொரு சின்ன ரவுட்டரை உங்க அறையில் வைங்க. இல்லைன்னா நீங்களே யன்னல்கிட்ட உக்காந்து போன் டேட்டாவில் ஆடுங்க. நடுவில் ஒரு வைஃபைப் பாதை குறையும்.

யாழ்_தென்னை | 14-06-2024, இரவு 10:02

திரும்பவும் யன்னலடிக்குக் கொண்டுபோனன், 88. யன்னலடியில இருந்து போன் டேட்டாவில 80. இதுக்குக் கீழ இறங்குதில்லை. சர்வர் சிங்கப்பூர்ப் பக்கம் எண்டு சொல்லுகினம், அதாலயோ?

ஒயர்மேன்_நெல்லை | 15-06-2024, காலை 6:25

அப்படி இருந்தா தூரமும் ஒரு பங்கு. ஃபைபருக்குள்ள வெளிச்சம் ஒரு செகண்டுக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். கொழும்பிலிருந்து சிங்கப்பூர் நேர்க்கோட்டிலேயே 2,700 கிலோமீட்டருக்கு மேல. போய் வர 27 மில்லி செகண்ட், எவ்வளவு காசு கொடுத்தாலும் குறையாது. கேபிள் நேரா போறதில்லை, அதனால உண்மையில் இன்னும் கூட ஆகும். அதுக்கு மேல டவர் எடுத்துக்கிற நேரம். 4ஜியில் போன் ஒண்ணை அனுப்பணும்னா டவர்கிட்ட இடம் கேட்டு, டவர் ஒதுக்கின பிறகுதான் அனுப்பும். டவர்ல யாருமே இல்லாட்டியும் இந்தக் கேட்டு வாங்கல் உண்டு. ஃபைபரை விட டேட்டாவில் அடி நம்பரே கூட இருக்கிறது அதனாலதான். 80 உங்களுக்கு நல்ல நம்பர்.

மாடி_ரூம் | 15-06-2024, இரவு 11:15

என் கதைக்கு வர்றேன். ரவுட்டரை ஷோகேஸ் உச்சிக்கு ஏத்தினேன், பீரோவை விட்டுத் தள்ளி. மாடி ரூமில் mdev 39லிருந்து 18க்கு வந்துடுச்சு. ஒரு ரூபா செலவில்லை.

அடுத்து ஒரு விஷயம் கண்ணில் பட்டுச்சு. வைஃபை பேர் ஒண்ணுதான், ஆனா டெர்மக்ஸ் ஓடும்போதே வைஃபை விவரத்தைத் திறந்து பார்த்தா ஒரு நேரம் 5 கிகாஹெர்ட்ஸ்னு இருக்கு, கொஞ்ச நேரத்தில் 2.4ன்னு மாறுது. மாறுற அந்த நேரத்தில்தான் 200க்கு மேல அடிக்குது. கட்டில்ல ஒரு பக்கமா சாஞ்சா 5, திரும்பிப் படுத்தா 2.4.

ஒயர்மேன்_நெல்லை | 16-06-2024, காலை 7:00

உங்க ரூம் 5க்கு எட்டும் எட்டாதுங்கிற எல்லையில் இருக்கு. 5 கிகாஹெர்ட்ஸ்ல கூட்டம் கம்மி, ஆனா கான்கிரீட் தளத்தைத் தாண்டும்போது செத்துப்போகும். கம்பி கட்டின தளம், அதுக்கு மேல ஒன்பது இஞ்சுச் சுவர் ஒண்ணோ ரெண்டோ. 2.4 தாண்டி வரும், ஆனா தெருவில் இருக்கிற எல்லார் ரவுட்டரும் அங்கேதான் இருக்கு. போன் ரெண்டுக்கும் நடுவில் தாவிக்கிட்டே இருக்கு. ரவுட்டர் செட்டிங்ல ரெண்டுக்கும் தனித்தனிப் பேர் வைங்க, போனில் ஒண்ணை மட்டும் சேமிச்சு வைங்க.

எதை வைக்கணும்னா, ரெண்டிலும் தனித்தனியா அந்த 200 பொட்டலத்தை ஓட்டி, mdev எதில் கம்மியோ அது. ஸ்பீட்கிங் தம்பி சொன்ன மாதிரி எப்பவும் 5ன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்ல முடியாது. ரவுட்டர் இருக்கிற அறையிலோ, அடுத்த அறையிலோன்னா 5தான். அதுக்கு மேல அளந்துதான் சொல்லணும்.

ஸ்பீட்கிங்77 | 16-06-2024, காலை 9:40

நான் ரவுட்டர் இருக்கிற ரூம்லயே ஆடுறேன், அதனால எனக்கு 5 நல்லா வேலை செய்யுது போல. சரி. ஆனா நெட்வொர்க் பூஸ்டர் ஆப் போட்டா எனக்கு 12 குறையுது, அதை ஒத்துக்கங்க.

மாடி_ரூம் | 18-06-2024, இரவு 10:20

பிரிச்சுப் பார்த்தேன். 2.4ல குறைஞ்சது 3, மேல 140, mdev 22. தெருவில் ஆப் வச்சுப் பார்த்தா எங்க வரிசையில் எல்லார் வீட்டு ரவுட்டரும் சேனல் 6, 11லதான் குவிஞ்சிருக்கு. சேனல் 1க்கு மாத்தினதும் mdev 14 ஆச்சு. 5ல அப்பப்போ கட்டே ஆகுது.

என் ரூமில் இருந்துகிட்டு இதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியாதுன்னு தோணுது. ரவுட்டர்தான் மேலே வரணும். மாடிப்படி திரும்புற இடத்தில் ஒரு ஜன்னல் திண்டு இருக்கு. அங்கேயிருந்து என் ரூமுக்கு ஒரு சுவர்தான், கதவு திறந்திருந்தா அதுவும் இல்லை. கீழ் ஹாலுக்கும் அது திறந்த வழி.

ஒயர்மேன்_நெல்லை | 18-06-2024, இரவு 10:48

அருமையான இடம். ஃபைபர் பெட்டியை நகர்த்தாதீங்க, அது கீழேயே இருக்கட்டும். அதிலிருந்து லான் கேபிள் படிக்கட்டு ஓரமா ஏத்துங்க, கேட்6 கேபிள், 15 மீட்டர் போதும். மேலே பழைய ரவுட்டர் ஏதாவது இருந்தா அதையே வைக்கலாம். அதோட முகவரியை 192.168.1.2ன்னு மாத்தி, டிஹெச்சிபியை ஆஃப் பண்ணி, கேபிளை வான் ஓட்டையில் சொருகாம லான் ஓட்டையில் சொருகுங்க. வான்ல சொருகினா ரெண்டு ரவுட்டர் ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா நின்னு, கேமில் வாய்ஸ் சேட்டும் நண்பர்களோட சேர்றதும் தகராறு பண்ணும்.

ரிப்பீட்டர்னு சொருகிற பெட்டி விக்கிறான் பாருங்க, அதை வாங்காதீங்க. வாங்கிக் காத்துலயே திரும்ப அனுப்புறதால சிக்னல் கோடு நிறையும், பிங் கூடும். சினிமா பாக்கிறவங்களுக்குப் பரவாயில்லை.

ஆன்டெனா நட்டமா நின்னா அலை பக்கவாட்டில் பரவும், மேலேயும் கீழேயும் கம்மி. ரெண்டு ஆன்டெனா இருந்தா ஒண்ணை நட்டமா, ஒண்ணைப் படுக்க வைங்க.

ஹெட்ஷாட்_கோவை | 19-06-2024, இரவு 12:30

கிராஃபிக்ஸ் குறைச்சேன், கேஸைக் கழட்டினேன், இப்போ சூடு கம்மி. ஒயர் இயர்போனும் வாங்கிட்டேன். நன்றி அண்ணா. ஒரு டவுட். எனக்கு ரெண்டு சிம். டேட்டா ரெண்டாவது சிம்மில். முதல் சிம்முக்குக் கால் வந்தா, நான் எடுக்காட்டியும் கேம் ரீகனெக்ட்னு நிக்குது. இதுவும் பிங்கா?

ஒயர்மேன்_நெல்லை | 19-06-2024, காலை 6:40

இல்லை, பல போன்களில் ஒரு சிம்முக்குக் கால் வரும்போது மத்த சிம்மோட டேட்டா நின்னுடும். டேட்டாவும் கால் வர்ற சிம்மும் ஒண்ணா இருந்தா, வோல்ட்இ ஆன்ல இருந்தா நிக்காது. டேட்டாவில் ஆடுறவங்க மேட்ச்சுக்கு முன்னாடி இன்னொரு சிம்மை ஆஃப் பண்ணிடறது நல்லது. இன்னொண்ணு, 5ஜி போன் வச்சு 5ஜி அரைகுறையா வர்ற இடத்தில் இருந்தா, 4ஜிக்கும் 5ஜிக்கும் தாவும்போது துள்ளும். நெட்வொர்க் செட்டிங்ல 4ஜி மட்டும்னு வச்சு ஆடிப் பாருங்க. நம்பர் அஞ்சு பத்து கூடலாம், துள்ளாது.

மாடி_ரூம் | 23-06-2024, இரவு 11:02

கேபிள் ஏத்தியாச்சு. அப்பாதான் படிக்கட்டு ஓரமா ஆணி க்ளிப் அடிச்சுக் கொடுத்தார். பழைய ரவுட்டர் திண்டு மேல, 5 கிகாஹெர்ட்ஸ்க்குத் தனிப் பேர், போனில் அது மட்டும்தான் சேமிச்சிருக்கேன். என் கட்டிலில் படுத்துக்கிட்டே:

```
200 packets transmitted, 200 received, 0% packet loss
rtt min/avg/max/mdev = 2.104/4.806/26.551/2.930 ms
```

ஹாலில் ரவுட்டர் முன்னாடி நின்ன மாதிரியே இருக்கு. மேட்ச்சில் 27, 29, 28ன்னு ஓடுது. ஆனா ஒரு துள்ளல் மட்டும் மிச்சம் இருந்தது. சீரான இடைவெளியில் ஒரு தடவை 90, 100ன்னு. டெர்மக்ஸ்ல பார்த்தாலும் அதே ஒழுங்கு. மத்ததெல்லாம் தாறுமாறா வரும், இது மட்டும் கடிகாரம் வச்ச மாதிரி வந்ததால சந்தேகப்பட்டு லொகேஷன் செட்டிங் உள்ளே போனேன். வைஃபை ஸ்கேனிங்னு ஒண்ணு ஆன்ல இருந்தது. ஆஃப் பண்ணின பிறகு அதுவும் போச்சு.

ஒயர்மேன்_நெல்லை | 24-06-2024, காலை 6:15

போன் பக்கத்து ரவுட்டர்களைத் தேட ஒவ்வொரு சேனலாப் போய்ட்டு வரும். அந்த நேரம் உங்க சேனலை விட்டு விலகியிருக்கும். சீரான இடைவெளியில் துள்ளினா அதைத்தான் முதல்ல சந்தேகப்படணும். நல்லாக் கண்டுபிடிச்சீங்க.

மாடி_ரூம் | 29-06-2024, இரவு 9:50

இப்போ வேற மாதிரி ஒண்ணு. மதியமும் நடு ராத்திரியும் 28. ராத்திரி எட்டரையிலிருந்து பத்தரை வரைக்கும் 60, 75. ரவுட்டருக்கு ஓட்டினா 4, 5தான், அதனால வீட்டுக்குள்ள இல்லை. 8.8.8.8க்கு ஓட்டினா மதியம் 22, இப்போ 68.

நான் முதலில் டேட்டா நிலையா இருக்குன்னு எழுதினது ராத்திரி பதினொண்ணுக்கு. இதே ஒன்பது மணிக்கு டேட்டாவில் பார்த்தா 95லிருந்து 130, துள்ளலோட. எங்க தெருவே அந்த நேரம் போனைக் கையில் வச்சிருக்கும் போல, டவரும் திணறுது. அதனால் டேட்டா நல்லதுன்னு பொதுவாச் சொல்ல இப்போ மனசு வரலை. எந்த நேரத்துக்குன்னு சேர்த்துத்தான் சொல்லணும்.

ஸ்பீட்கிங்77 | 29-06-2024, இரவு 10:05

இங்கேதான் ப்ரோ பூஸ்டர் ஆப். எனக்கும் ராத்திரியில்தான் 12 குறைஞ்சது. அது வேற வழியா கொண்டுபோகும்.

ஒயர்மேன்_நெல்லை | 30-06-2024, காலை 6:50

ஸ்பீட்கிங் தம்பி சொல்றதில் நியாயம் உண்டு. கம்பெனிக்காரன் லைன் சுத்துவழியா போய், அந்தச் சுத்துவழிதான் ராத்திரி நெரியுதுன்னா, பூஸ்டர் வேற வழி பிடிச்சு அதைத் தாண்டலாம். உங்க ஏரியா லைனே நெரிஞ்சா அது வழியாத்தான் பூஸ்டரும் போகணும், அதுக்கு மேல இன்னொரு நிறுத்தமும் கூடும். உங்களுது எதுன்னு பாக்க, கம்ப்யூட்டர் இருந்தா லான்ல சொருகி ஒன்பது மணிக்கும் மதியமும் இதை ஓட்டுங்க:

```
tracert 8.8.8.8
```

முதல் வரி உங்க ரவுட்டர், ரெண்டாவதோ மூணாவதோ கம்பெனிக்காரனோடது. ராத்திரி அந்த வரியிலேயே நம்பர் ஏறி, அடுத்த வரிகளிலும் இறங்காம இருந்தா நெரிசல் உங்க ஏரியாவில். ஒரு வரி மட்டும் ஏறி அடுத்தது இறங்கினா கண்டுக்காதீங்க, அந்தப் பெட்டி பதில் சொல்லச் சோம்பல் படுதுன்னு அர்த்தம்.

மாடி_ரூம் | 02-07-2024, இரவு 10:40

ஓட்டினேன். மதியம் ரெண்டாவது வரி 4. இப்போ அதே வரி 41, அதுக்கப்புறம் எல்லாம் 60க்கு மேல. பூஸ்டர் ஆப்பும் போட்டுப் பார்த்தேன், 66க்கு 64, வித்தியாசம்னு சொல்ல முடியாது.

ரெண்டு நேரத்து ஸ்க்ரீன்ஷாட்டையும் வச்சுப் புகார் போட்டிருக்கேன். ரவுட்டரை ரீஸ்டார்ட் பண்ணுங்கன்னு பதில் வந்திருக்கு. ரெண்டாவது வரியைச் சிவப்பில் வட்டம் போட்டுத் திரும்ப அனுப்பியிருக்கேன். திருநகர் பக்கம் இருக்கிற வேற யாராவது ராத்திரி ஒன்பது மணிக்கு இதே கட்டளையை ஓட்டி ரெண்டாவது வரி நம்பரைப் போடுங்க. எங்க தெரு மட்டுமா, ஏரியா முழுக்கவான்னு தெரிஞ்சா அடுத்த புகாரை எல்லாரும் சேர்ந்தே போடலாம்.

நங்கநல்லூர்_அம்மா | 03-07-2024, காலை 9:30

திருநகர் இல்லைப்பா, ஆனா எங்க ஃபிளாட்டிலும் நேத்து ஒன்பது மணிக்குப் பையன் ஓட்டினான். ரெண்டாவது வரி 5, மூணாவது 48. இதுக்கு என்ன அர்த்தம்னு ஒயர்மேன் தம்பி சொன்னா நானும் புகார் எழுதுவேன்.